பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் எங்கே? அகதிகளின் குடும்ப இணைவும் கையில் இல்லாத ஆவணங்களும்

2015 மார்ச் மாதம் நெதர்லாந்தில் புகலிடப் பாதுகாப்பு பெற்ற எரித்திரியப் பெண் ஒருவர், அடுத்த மாதமே ஒரு சிறுவனைத் தன்னிடம் வரவழைக்க விண்ணப்பித்தார். அவன் அவர் பெற்ற பிள்ளை அல்லன். உடன்பிறந்தவர் வழிப் பிள்ளை. பெற்றோர் இறந்த பிறகு ஐந்து வயதிலிருந்து அவனைத் தானே வளர்த்து வந்ததாகவும், 2013இல் அவனுக்குப் பத்து வயதானபோது இருவரும் சேர்ந்தே எரித்திரியாவை விட்டுச் சூடானுக்கு ஓடியதாகவும் அவர் சொன்னார். ஐரோப்பாவுக்கு அவர் தனியாக வந்தார். சிறுவன் சூடானில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தான்.

விண்ணப்பத்தோடு அவர் இணைக்க முடிந்தது ஒரே ஒரு தாள். எரித்திரிய விடுதலை முன்னணி என்ற புலம்பெயர் அமைப்பு, அவர்தான் சிறுவனின் பாதுகாவலர் என்று எழுதிக் கொடுத்த கடிதம் அது. ஓராண்டு கழித்து, 2016 மே மாதம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த அமைப்புக்கு அப்படிச் சான்று வழங்கும் அதிகாரம் இல்லை. பெற்றோர் இறந்ததற்கு அரசு ஆவணம் எதுவும் இல்லை. எரித்திரியாவில் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்று நாட்டு நிலவர அறிக்கைகள் சொல்கின்றன. ஆகவே அதைப் பெற முடியவில்லை என்ற அவருடைய விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்பதே காரணம். மேல்முறையீட்டையும் அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றத் துறை தள்ளியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் முன் விளக்கம் கேட்டு அனுப்பப்பட்டது. சி-635/17 என்ற எண் கொண்ட அந்த வழக்கில் 2019 மார்ச் 13 அன்று தீர்ப்பு வந்தது.

ஆவணம் இல்லாத அகதிக் குடும்பங்களின் நிலையைப் புரிந்துகொள்ள இந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். யார் குடும்பம், எதைச் சான்றாக ஏற்பது என்ற இரண்டு கேள்விகளும் இதில் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப இணைவு ஆணை (எண் 2003/86) குடும்பத்தை ஒரு சிறிய வட்டமாகத்தான் வரைகிறது. கணவன் அல்லது மனைவி, திருமணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகள். அகதியாக ஏற்கப்பட்டவர் இவர்களை அழைக்க விரும்பினால் உறுப்பு நாடு அனுமதித்தே ஆகவேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஆணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. வேறு எந்த வெளிநாட்டவருக்கும் விதிக்கப்படும் வருமானம், வீடு, காப்பீடு ஆகிய நிபந்தனைகளும் அகதிக்குப் பொருந்தா. ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு காலக்கெடு வைக்க நாடுகளுக்கு உரிமை உண்டு. அகதி நிலை கிடைத்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்த நிபந்தனைகளைக் கேட்கலாம். மேலே சொன்ன பெண் ஒரே மாதத்தில் விண்ணப்பித்ததற்குப் பின்னால் இப்படியொரு கெடு இருக்கிறது. ஆவணம் தேடி எடுக்க மூன்று மாதம் போதாது. அதற்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும். எனவே கையில் இருப்பதோடு முதலில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டுச் சான்றுகளைப் பிறகு சேர்ப்பதுதான் இத்துறை வழக்கறிஞர்கள் சொல்லும் வழி.

அகதி தனியாக வந்த சிறாராக இருந்தால் வட்டம் மேல்நோக்கித் திறக்கிறது. தாயையும் தந்தையையும் அழைக்கலாம். அவர்கள் இல்லையென்றால் சட்டப் பாதுகாவலரையோ வேறு உறவினரையோ அழைக்க நாடு அனுமதிக்கலாம். இங்கே வயதுதான் சிக்கல். பதினேழு வயதில் புகலிடம் கேட்டு, முடிவு வருவதற்குள் பதினெட்டு கடந்துவிட்டால்? நெதர்லாந்துக்கு 2014இல் தனியாக வந்த ஓர் எரித்திரியச் சிறுமிக்கு நேர்ந்தது அதுதான். புகலிடம் கேட்ட நாளில் சிறாராக இருந்திருந்தால் அதுவே கணக்கு என்றும், அகதி நிலை கிடைத்த பின் பொதுவாக மூன்று மாதத்துக்குள் பெற்றோருக்காக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் 2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. அரசு அலுவலகத்தின் தாமதம் ஒரு பிள்ளையின் உரிமையைத் தின்றுவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இந்தச் சிறிய வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்தான் ஏராளம். வயதான தாய், மணமாகாத தங்கை, அண்ணன் இறந்ததால் வீட்டில் வளரும் அவர் பிள்ளைகள். நம் வீடுகளில் இவர்களைக் குடும்பம் இல்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. எரித்திரிய, சோமாலிய, ஆப்கானிய வீடுகளிலும் அப்படியே. ஆணையின் 10ஆம் பிரிவு இவர்களுக்கு ஒரு கதவை வைத்திருக்கிறது. அகதியைச் சார்ந்து வாழும் பிற உறவினரையும் உறுப்பு நாடு அனுமதிக்கலாம். "அனுமதிக்கலாம்" என்பதால் அந்தக் கதவைத் திறப்பதும் திறக்காததும் அந்தந்த நாட்டின் முடிவு. நெதர்லாந்து திறந்திருந்தது, உண்மையாகவே குடும்பத்தோடு வளர்ந்த வளர்ப்புப் பிள்ளையை அது ஏற்றது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தது முழு அகதி நிலை கூட இல்லை; துணைப் பாதுகாப்பு எனப்படும் அடுத்த நிலை. ஆணை அந்த நிலையினரைச் சேர்ப்பதில்லை. ஆயினும் நெதர்லாந்துச் சட்டம் இரு தரப்பினருக்கும் ஒரே விதியை நேரடியாகப் பொருத்தியிருந்ததால், அந்த விதியின் பொருளைச் சொல்லத் தனக்கு அதிகாரம் உண்டென்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆக, வளர்ப்புப் பிள்ளை என்ற வகையில் சிறுவன் குடும்பத்துக்குள் வர முடியும். வந்தாலும், சான்றின் சுமை அங்கே கூடுகிறது. பெற்ற பிள்ளையாக இருந்தால் ஆவணம் எதுவும் இல்லாவிட்டாலும் டிஎன்ஏ சோதனை கைகொடுக்கும். தாயின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு மாதிரி, தூதரகத்தில் பிள்ளையிடமிருந்து ஒரு மாதிரி, முடிவில் கிட்டத்தட்ட ஐயமில்லாத பதில். அண்ணன் அல்லது அக்காவின் பிள்ளை என்றால் சோதனை அவ்வளவு உறுதியாகப் பேசாது. பேசினாலும் அது இரத்த உறவைத்தான் சொல்லும். அந்தப் பெண் அவனை வளர்த்தாரா, பெற்றோர் உண்மையில் இறந்துவிட்டார்களா என்பதைச் சொல்லாது. வழக்கின் மையம் இந்த இரண்டு செய்திகள்தாம். கணவன் மனைவி உறவுக்கும் டிஎன்ஏ பயன்படாது. இருவருக்கும் பிறந்த பிள்ளை இருந்தால் மட்டும் ஓரளவு துணை நிற்கும்.

அதிகாரிகள் இறப்புச் சான்றிதழைக் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கோ உயிரோடிருக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வேறொருவர் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. பிள்ளைக் கடத்தல் கற்பனை அல்ல. சூடான் வழித்தடத்தில் அது நடக்கிறது. கேள்வி கேட்பது சரி. சான்றிதழ் வரவில்லை என்றதும் வேறெதையும் பார்க்காமல் கோப்பை மூடுவதுதான் தவறு.

இங்கேதான் ஆணையின் 11ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வருகிறது. உறவை மெய்ப்பிக்கும் அரசு ஆவணங்களை அகதியால் தர முடியாதபோது, உறுப்பு நாடு வேறு சான்றுகளைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. நெதர்லாந்து அதிகாரிகள் அந்தச் சொற்களை மறுக்கவும் இல்லை. "ஆவணம் இல்லை என்பதற்காக நிராகரிக்கவில்லை, ஆவணம் ஏன் இல்லை என்பதற்கு நம்பத்தக்க விளக்கம் இல்லாததால் நிராகரிக்கிறோம்" என்பதுதான் அவர்கள் நிலை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் வேறு காரணங்கள். விளக்கம் நம்பத்தக்கதா என்பதை எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால், எரித்திரியா பற்றிய பொது அறிக்கையை வைத்தே அளந்திருந்தார்கள். நாட்டில் சான்றிதழ் கிடைக்கும் என்று அறிக்கை சொல்கிறது. எனவே உனக்கும் கிடைத்திருக்கும். அந்தப் பாய்ச்சலைத்தான் நீதிமன்றம் மறித்தது.

ஒரு நாட்டில் ஓர் ஆவணம் நடைமுறையில் இருக்கிறது என்பதிலிருந்து, ஒரு குறிப்பிட்ட பெண் குறிப்பிட்ட நாளில் அதைப் பெற்றிருக்க முடியும் என்பது வந்துவிடாது. நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு அது எப்படி நடைமுறையாகிறது, பதிவு அலுவலகங்கள் எப்படி இயங்குகின்றன, சில ஊர்களிலும் சில மக்களிடையேயும் அவை இயங்காமலே கிடக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. விண்ணப்பதாரரின் வயது, பாலினம், கல்வி, பின்னணி, சமூக நிலை, பண்பாடு ஆகியவற்றையும் எடைபோட வேண்டும். வழக்கப்படி உறவினர் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் ஊரில், பாதுகாவலர் என்று ஒரு தாள் வாங்க யாரும் அலுவலகத்துக்குப் போவதில்லை. அந்தத் தாள் ஒருநாள் தேவைப்படும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஓடிவந்த பிறகு வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கும் எரித்திரியர் விஷயத்தில் கனமான பதில் உண்டு. எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதே அரசின் அலுவலகத்தில் போய் நிற்கும்படி அகதியைக் கேட்கக் கூடாது என்பது அகதிச் சட்டத்தின் அடிப்படை. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறிய எரித்திரியர் தூதரகச் சேவை எதையும் பெற, குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளும் வருத்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். வருமானத்தில் 2 விழுக்காட்டை வரியாகக் கட்டவும் வேண்டும். துணைப் பாதுகாப்பில் இருக்கும் எரித்திரியர் ஒருவரிடம் கடவுச்சீட்டுக்காக அந்தக் கடிதத்தில் கையெழுத்திடச் சொல்ல முடியாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அது பயண ஆவணம் பற்றிய வழக்கு, குடும்ப இணைவு பற்றியது அன்று. ஆனாலும் தூதரகத்தில் ஒரு சான்றிதழ் வாங்குவது எரித்திரியருக்குச் சாதாரண அலுவல் அல்ல என்பதை அது ஒரு நீதிமன்றத்தின் வாயால் சொல்லிவிட்டது. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினரை அனுப்பி வாங்கலாம் என்றால், ஓடிப்போனவருக்காக அலுவலகம் போகும் அந்த உறவினர் யார் கண்ணில் படுவார் என்ற அச்சமும் இருக்கிறது.

இனி, வேறு சான்று எனப்படுவது எது? விண்ணப்பதாரர்கள் முதலில் நினைப்பது புகைப்படங்களை. அவை உதவும், ஆனால் ஒரு படம் இருவரும் ஒரே இடத்தில் நின்றதை மட்டுமே காட்டும். காலம் கடந்து தொடர்வதைக் காட்டும் தடயங்களுக்கு அதைவிட எடை அதிகம். முகாமில் பதிந்தபோது ஐ.நா. அகதிகள் ஆணையம் எழுதிக்கொண்ட குடும்பப் பட்டியல், அதன் பேரில் வழங்கிய அட்டை, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது பெற்றோர் இடத்தில் எழுதிய பெயர், தடுப்பூசி அட்டை, மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீதுகள், தொலைபேசி அழைப்புப் பதிவுகள், திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவு, ஒன்றாக வாழ்ந்ததைக் கண்டவர்களின் எழுத்துமூலச் சாட்சியம். இவற்றில் எதுவும் தனியாக நின்று மெய்ப்பிக்காது. ஒன்று சொல்வதை இன்னொன்றும் சொல்கிறதா என்பதுதான் சோதனை.

இவை எல்லாவற்றையும்விட எடை கொண்ட சான்று ஒன்றை அகதி தன் வாயாலேயே, பெரும்பாலும் முதல் வாரங்களில், கொடுத்துவிடுகிறார். புகலிட விசாரணையில் அவர் சொன்ன குடும்ப விவரம். யார் யார் வீட்டில் இருந்தார்கள், யார் இறந்தார்கள், யாரை விட்டு வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அன்று பதிவான பதிலோடுதான் பின்னால் வரும் குடும்ப விண்ணப்பம் ஒவ்வொரு வரியாக ஒப்பிடப்படும். களைப்பிலும் அச்சத்திலும் அன்று வளர்ப்புப் பிள்ளையின் பெயர் விட்டுப்போனால், ஆண்டுகள் கழித்து "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். "பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டால் பெற்ற பிள்ளையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்பவர்கள் உண்டு. பதிவைப் படித்துப் பார்த்துத் திருத்தம் கேட்கும் வாய்ப்பு நடைமுறையில் தரப்படும் இடங்களில், பலரும் பயணத்தின் கதையைச் சரிபார்ப்பார்கள். குடும்பப் பட்டியலைத் தாண்டிப் போவார்கள். அந்தப் பட்டியலில்தான் முதலில் கண் வைக்க வேண்டும் என்பேன்.

முரண்போலத் தோன்றும் சிலவற்றுக்கு எளிய காரணம் இருக்கிறது, ஆனால் அதை யாராவது எழுதிக் காட்டினால்தான் அதிகாரிக்குப் புரியும். எரித்திரியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தன் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் என்று வரும். ஆகவே தாய்க்கும் மகனுக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இராது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு கடவுச்சீட்டுப் படிவத்தில் திண்டாடிய தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பெயர்களை உரோமன் எழுத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். இதோடு நாட்காட்டி வேறு. எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கணக்கு ஐரோப்பியக் கணக்கைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்தங்கியது. ஞானஸ்நானத் தாளில் உள்ள ஆண்டை அப்படியே எழுதிவிட்டால் பத்து வயதுப் பையன் திடீரென்று பதினெட்டு வயது ஆளாகிவிடுவான்; அத்தோடு பிள்ளை என்ற தகுதியே போய்விடும்.

வயது பற்றிய ஐயம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பிரான்சுக்கு எதிரான ஒரு வழக்கு சாட்சி. ருவாண்டாவிலிருந்து வந்து அகதியாக ஏற்கப்பட்ட ஒருவரின் மகன்களுக்கு விசா மறுக்கப்பட்டது. நைரோபியில் தூதரக மருத்துவர் ஒருவர் அவர்கள் வாயையும் பல்லையும் பார்த்துவிட்டு, பிறப்புச் சான்றிதழில் உள்ள வயது பொருந்தவில்லை என்று எழுதியதே காரணம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 10 அன்று, ஒரே நாளில், இதையும் இதே போன்ற இன்னொரு வழக்கையும் தீர்த்தது. அகதியின் குடும்ப விண்ணப்பத்தை நெகிழ்வோடும் விரைவாகவும் பயன்தரும் வகையிலும் நடத்த வேண்டும் என்பது அங்கிருந்து வந்த அளவுகோல்.

சான்று திரட்டியும் அதைக் கொண்டுசேர்க்கும் வழி அடைபடலாம். பெல்ஜியத்தில் அகதியாக ஏற்கப்பட்ட ஒரு சிரியரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சிரியாவின் ஆஃப்ரின் நகரில் இருந்தார்கள். விண்ணப்பம் பதியத் தூதரகத்துக்கு நேரில் வரவேண்டும் என்றது பெல்ஜியம். அவர்களால் நகரைவிட்டு நகரவே முடியவில்லை. விண்ணப்பத்தைப் பெறும்போதே நேரில் வரச்சொல்வது, போக வழியே இல்லாதவர்களுக்கு உரிமையை இல்லாமல் ஆக்கிவிடும் என்று 2023 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்த்தது. கைரேகை, டிஎன்ஏ, நேர்காணல் ஆகியவற்றுக்குப் பின்னால் ஒருமுறை வரச்சொல்லலாம். அப்போதும் கூடியவரை வருகைகளைக் குறைத்து, வழி செய்துகொடுக்க வேண்டும். சூடானில் நிற்கும் ஒரு சிறுவனுக்கு, தானாகப் பயணச் சீட்டு வாங்கித் தூதரகம் உள்ள ஊருக்குப் போக முடியாத வயதில், இது சின்ன விஷயமல்ல.

2019 தீர்ப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால் ஒருவர் சொல்வதை நம்பியே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. விண்ணப்பதாரருக்கு ஒத்துழைக்கும் கடமை உண்டு: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டும், வேண்டுமானால் நேர்காணலுக்கு வர வேண்டும். காரணம் ஒன்றோடொன்று முரண்பட்டாலோ, போலி ஆவணம் கொடுக்கப்பட்டாலோ நிராகரிக்கலாம். ஆவணம் இல்லை என்று உண்மையைச் சொல்பவரைவிட, இடைத்தரகரிடம் காசு கொடுத்து ஒரு சான்றிதழ் தயாரித்தவர்தான் பெரும் இக்கட்டில் மாட்டுகிறார். அந்த ஒரு தாள் கோப்பிலுள்ள உண்மையான சான்றுகளின் மேலும் ஐயத்தைப் பூசிவிடுகிறது. நீதிமன்றம் விசாவையும் வழங்கவில்லை. அந்தப் பெண்ணும் சிறுவனும் சந்தித்த குறிப்பான இடர்களைப் பாராமல், பொது அறிக்கையை மட்டும் வைத்து நிராகரிக்க முடியாது என்று சொல்லி, முடிவைக் கேள்வி அனுப்பிய நீதிமன்றத்திடமே விட்டது. விண்ணப்பித்த நாளில் பன்னிரண்டு வயதாக இருந்த சிறுவனுக்கு, அந்தப் பெண் சொன்ன கணக்குப்படி, தீர்ப்பு வரும்போது பதினாறு ஆகியிருக்கும்.

இந்த எல்லைக்குள் ஒருவர் செய்யக்கூடியது, இல்லாத ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதுவது. "ஓடிவந்தபோது எல்லாம் தொலைந்துவிட்டது" என்ற ஒற்றை வரிதான் அதிகாரிக்கு மிக எளிதாகத் தள்ளக்கூடியது; முதலில் இருந்ததே இல்லாத ஆவணத்தையும் அது தொலைந்த கணக்கில் சேர்த்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் இருந்ததா? இருந்தால் யாரிடம், எந்த ஊரில், எப்போது கைவிட்டுப் போனது? இறப்பு ஏன் பதிவாகவில்லை, பதிவு அலுவலகம் எவ்வளவு தொலைவு, அந்த ஊரில் வேறு யாராவது பதிந்தார்களா? இப்போது வாங்க என்ன முயற்சி நடந்தது, யார் போனார்கள், என்ன பதில் கிடைத்தது? முயலவில்லை என்றால் எந்த அச்சத்தால்? பதில்களோடு தேதியும் ஊர்ப்பெயரும் இருந்தால், நிராகரிக்க விரும்பும் அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாக மறுத்தாக வேண்டும். பொது அறிக்கையின் ஒரு பத்தியை எடுத்து ஒட்டி முடித்துவிட 2019க்குப் பிறகு அவருக்கு அனுமதி இல்லை.